கண்ணாடிச் சுவர் யோகா கூடம்: வரைந்து பார்த்த அனுபவம்

கும்பகோணத்தில் நான் போகும் யோகா வகுப்பு ஒரு மாடி ஹாலில் நடக்கிறது. மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, கிழக்குச் சுவரில் ஜன்னல்கள், கீழே பளபளக்கும் வெள்ளை டைல்ஸ். தெற்கு வாசலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கண்ணாடி இடப்பக்கம், ஜன்னல் வலப்பக்கம். இந்தக் காட்சியைத்தான் பென்சிலிலும் வாட்டர்கலரிலும் வரைந்துகொண்டிருக்கிறேன்.

கண்ணாடியைச் சுவராக நினைக்காமல், அதே அளவில் இன்னொரு ஹாலுக்குத் திறக்கும் வழியாக நினைத்துக்கொண்டேன். எங்கள் ஹாலின் அகலம் 16 அடி. அந்தப் பக்கமும் 16 அடி. டைல்ஸ் இரண்டுக்கு இரண்டு, ஆக இங்கே 8 வரிசை, கண்ணாடிக்குள் 8 வரிசை. குறுக்குக் கோடுகளை நிறுத்தாமல் அப்படியே உள்ளே இழுத்துவிட்டேன். நீளவாக்குக் கோடுகள் இரண்டு ஹாலிலும் ஒரே மறையும் புள்ளிக்குத்தான் ஓடும். கண்ணாடிக்குத் தனியாக ஒரு புள்ளி வைத்தால் தரை அந்த இடத்தில் மடிந்தது போலத் தெரியும். சரிபார்க்க அளவுகோலைக் குறுக்குக் கோட்டின் மேல் வைத்தாலே போதும், கண்ணாடி விளிம்பில் கோடு முறியக் கூடாது.

வெளிச்சம்தான் அதிக வேலை வாங்கியது. பங்குனி முதல் வாரத்துக் காலையை எடுத்துக்கொண்டேன். அப்போது சூரியன் கிட்டத்தட்ட நேர் கிழக்கே உதிக்கும், வெயில் ஹாலுக்குக் குறுக்காக வரும். உதித்து ஒரு மணி நேரத்தில் சுமார் 15 பாகை ஏறியிருக்கும். அந்தச் சாய்வில் வெயில் 1 அடி இறங்குவதற்குள் மூன்றே முக்கால் அடி உள்ளே வந்துவிடுகிறது. ஜன்னலின் கீழ் விளிம்பு 3 அடி உயரம், அதைத் தொட்டு வரும் வெயில் 11 அடியில் தரையில் விழும். மேல் விளிம்பு 7 அடி, அது 26 அடி போக வேண்டும். ஆனால் ஹாலே 16 அடிதான். மீதியைக் கண்ணாடி வாங்கித் திருப்பி அனுப்புகிறது. இரண்டாவது ஹாலுக்கும் ஒரு சூரியன் மேற்கில் இருப்பதாக வைத்தால் கணக்கு சுலபம்: அந்த வெயில் 26 அடி வரும், அதில் 16 அடி அந்த ஹாலிலேயே முடியும், மிச்சம் 10 அடி நம் தரையில் விழும்.

ஆகவே கண்ணாடி ஓரத்திலிருந்து 5 அடி வரை இரண்டு வெயிலும் சேர்ந்து விழுகின்றன. 5 முதல் 10 அடி வரை கண்ணாடி தந்த வெயில் மட்டும், கொஞ்சம் மங்கலாக. இந்த இரண்டாவது பட்டை பல படங்களில் இருப்பதே இல்லை. அது இல்லாவிட்டால் கண்ணாடி, சுவரில் ஒட்டிய போஸ்டர் போல ஆகிவிடுகிறது. மார்கழியில் வரைபவர்கள் கவனிக்க: சூரியன் தென்கிழக்கில் இருப்பதால் பட்டை வடக்கே சாய்ந்து போய்க் கண்ணாடியில் பட்டு, அதே வடக்குச் சாய்விலேயே அறைக்குள் திரும்பும்.

தரையில் விழுந்த வெயில் பட்டையும் நிழலும் பிம்பத்தில் அப்படியே, அதே தூரத்தில் வரும். டைல்ஸில் மின்னும் பல்பின் பளிச்சு மட்டும் அப்படி வராது, ஏனென்றால் அதன் இடம் பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. என் கண் 4 அடி உயரத்தில், கண்ணாடியிலிருந்து 11 அடியில். பல்பு 10 அடி உயரத்தில், ஹாலின் நடுவில், எனக்கு 21 அடி முன்னால். கண்ணுக்கும் பல்புக்கும் இடைப்பட்ட தரையை 4-க்கு 10 என்று பிரித்தால் பளிச்சு விழும் இடம் கிடைக்கும், அதாவது என்னிடமிருந்து ஏழில் இரண்டு பங்கில். முன்னால் 6 அடி, கண்ணாடியிலிருந்து சுமார் 10 அடி. கண்ணாடிக்குள் இருக்கும் பல்புக்கும் அதே விகிதம்தான். அந்தப் பல்பு கண்ணாடிக்கு 8 அடி அப்பால் இருப்பதால் அதன் பளிச்சு கண்ணாடிக்கு இந்தப் பக்கம், நம் தரையிலேயே, ஐந்தரை அடியில் விழுகிறது! கண்ணாடிக்குள் தெரியும் தரையில் இந்தப் பல்புக்குப் பளிச்சே கிடையாது. சாயங்காலம் டீச்சரிடம் சொல்லி மற்ற விளக்குகளை அணைத்துப் பார்த்தேன். இரண்டு பளிச்சும் தரையில் பக்கம் பக்கமாக இருந்தன. அவர்களும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் இங்கேயே நிக்கிறேன், இதைக் கவனிச்சதே இல்லையேம்மா" என்றார்கள்.

நிறத்துக்கு வந்தால், சாதாரணக் கண்ணாடி கொஞ்சம் வெளிச்சத்தை விழுங்கும், இலேசான பச்சையும் சேர்க்கும். பிம்பப் பகுதி முழுக்க மிகவும் நீர்த்த பச்சை ஒரு கை பூசியிருக்கிறேன். இனி விருட்சாசனத்தில் ஒருவர் நிற்க வேண்டும். கண்ணாடியிலிருந்து இரண்டு டைல்ஸ் தள்ளி அவர் பாதத்துக்குப் புள்ளி வைத்தாயிற்று, உள்ளேயும் இரண்டு டைல்ஸ் தள்ளி அதே குறுக்குக் கோட்டில் இன்னொரு புள்ளி.