தண்ணீர்த் தொட்டியில் போன நான்கு நிமிடம்

மூன்றாம் ஆண்டு இன்ஜினீயரிங் படிக்கும்போது இன்டர்ன்ஷிப்புக்காக எழுதிய முதல் ஆப்டிடியூட் தேர்வில் என்னைக் கவிழ்த்தது ஒரு தண்ணீர்த் தொட்டி. கணக்குப் பகுதியில் 20 கேள்விகள், 20 நிமிடங்கள். தாண்டிப் போன கேள்விக்குத் திரும்ப முடியாது. நான்காவது கேள்வி இது: ஒரு குழாய் தொட்டியை 12 மணி நேரத்திலும், இன்னொன்று 15 மணி நேரத்திலும் நிரப்பும். தொட்டியின் அடியிலுள்ள குழாய் 20 மணி நேரத்தில் காலி செய்யும். மூன்றையும் திறந்தால் எப்போது நிரம்பும்? பின்னங்களைக் கூட்டி, பிசகி, மறுபடி கூட்டி நான்கு நிமிடங்களைத் தொலைத்தேன். விடை சரிதான். ஆனால் கடைசி ஐந்து கேள்விகளை நான் பார்க்கவே இல்லை.

அன்றிரவு விடுதியில் அறைத்தோழனிடம் புலம்பினேன். "தொட்டி 60 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளடா" என்றான். 12, 15, 20 மூன்றுக்கும் மீ.பொ.ம. 60. அப்படியானால் முதல் குழாய் மணிக்கு 5 லிட்டர், இரண்டாவது 4 லிட்டர் ஊற்றும். அடியிலுள்ள குழாய் 3 லிட்டரை வெளியேற்றும். மணிக்கு 6 லிட்டர் மிஞ்சுகிறது. 10 மணி நேரம். பின்னமே இல்லை.

அதுவரை தடித்த புத்தகம் ஒன்றைப் பாடம் பாடமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வசதி, அதுவே ஏமாற்றும் கூட: 'குழாய்கள்' என்ற தலைப்பின் கீழ் இருப்பதால் எந்த வழி என்று யோசிக்க வேண்டியதில்லை. தேர்வில் தலைப்பு கிடையாது. அதனால் பலவகைக் கணக்குகளைக் கலந்து, கடிகாரம் வைத்து 20 கேள்விகளாகப் போட ஆரம்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை வினாடி, தவறினால் ஏன் என்று எழுதினேன். இரண்டு வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால், தெரியாமல் விட்டவை கொஞ்சம்தான். தெரிந்த கணக்கில் உட்கார்ந்து நேரத்தைக் கொட்டியவையே அதிகம்.

பிறகு 90 வினாடியில் வழி தெரியாவிட்டால் நகர்ந்துவிடப் பழகினேன். விடைகளை முதலில் பார்க்கும் பழக்கமும் வந்தது. 2,930-இல் 17 சதவீதம் கேட்டு 412, 498, 561, 630 என்று கொடுத்திருந்தால் பெருக்க வேண்டியதில்லை. 3,000-இல் ஆறில் ஒரு பங்கு 500. அதற்குப் பக்கத்தில் 498 மட்டும்தான் இருக்கிறது.

குத்துமதிப்பாக விடையளிப்பது நெகட்டிவ் மதிப்பெண்ணைப் பொறுத்தது. நான்கு விடைகளில் சரியானதற்கு ஒரு மதிப்பெண் கிடைத்து, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகுமானால், கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதில் சராசரியாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு விடையையாவது நிச்சயமாகத் தள்ள முடிந்தால்தான் அடிப்பேன்.

அடுத்த தேர்வில் மூன்று கேள்விகளை மனமறிந்து விட்டேன். அடுத்த சுற்றுக்கு அழைப்பு வந்தது. அதிலும் ஒரு கூத்து. கணக்குப் போடக் குனிந்தபோதெல்லாம் 'திரையைப் பாருங்கள்' என்று கேமரா எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. இப்போதெல்லாம் ரஃப் தாளுக்கு அனுமதி உண்டா என்று முதலில் விதிமுறையில் பார்த்துவிட்டு, தாளை மடிக்கணினிக்குப் பின்னால் சாய்த்து நிறுத்தி எழுதுகிறேன்.