ஆண்டு விழா வீடியோவுக்குக் குறிப்பு எழுதிய கதை

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். இந்த வருட ஆண்டு விழா வீடியோவை யூடியூப்பில் ஏற்றி, அதன் கீழே குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது. பெற்றோர்களுக்கும், சிங்கப்பூர், மலேசியா என்று போய்விட்ட பழைய மாணவர்களுக்கும் வாட்ஸப்பில் இணைப்பு அனுப்ப வேண்டும். இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி Unlisted என்று வைத்தோம்.

முதலில் விருந்தினர் பெயர்களை எல்லாம் வரிசையாக எழுதியிருந்தேன். போனில் திறந்து பார்த்தால் முதல் ஓரிரு வரிதான் தெரிகிறது, மீதி 'more' என்பதற்குள் மறைந்துவிடுகிறது. அதனால் பள்ளி, ஊர், வருடம், 'கும்மியும் நாடகமும் எங்கே என்று கீழே நேரம் உள்ளது' என்பதை மேலே கொண்டுவந்தேன். விருந்தினர்கள் கீழே போனார்கள்.

அப்புறம் நேரப் பட்டியல். வீடியோ இரண்டரை மணி நேரம் ஓடும். தன் பிள்ளை ஆடும் ஐந்து நிமிடத்தைத் தேடி ஒரு தாய் எவ்வளவு நேரம் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்? ஒவ்வொரு நிகழ்ச்சியும் தொடங்கும் நேரத்தைக் குறித்து, வகுப்பை மட்டும் சேர்த்தேன். குழந்தைகளின் பெயர் வேண்டாம் என்று முடிவு செய்தோம். Unlisted ஆனாலும் இணைப்பு யார் கைக்கும் போகும்.

அனுப்பிய பிறகுதான், தொடக்கத்தில் 12 நிமிடம் வெறும் மைக் சோதனை என்று கவனித்து, யூடியூப்பிலேயே அதை வெட்டினேன். இணைப்பு மாறாது, ஆனால் வெட்டியது வந்து சேரச் சில மணி நேரம் ஆனது. மறுநாள் ஓர் ஆச்சி கூப்பிட்டார்கள்.

"டீச்சர், கும்மின்னு போட்ட எடத்தைத் தொட்டா யாரோ பரிசு குடுக்குறாங்களே, எம் பேத்தி எங்க?"

வீடியோ சுருங்கிவிட்டது, நான் எழுதிய நேரங்கள் பழையபடியே இருந்தன. 38:20 என்று போட்ட கும்மி இப்போது 26:20-இல் இருந்தது. எல்லாவற்றிலும் 12 நிமிடம் கழித்தேன். 'மேடை ஏற்பாடு' என்ற முதல் வரியையும் அழித்தேன், அந்தப் பகுதிதான் போய்விட்டதே.

சரி, முடிந்தது என்று பார்த்தால், என் நேரப் பட்டியலை வைத்து வீடியோவின் ஓட்டக் கோட்டில் யூடியூப் அதுவரை காட்டிய பிரிவுகள் காணாமல் போயிருந்தன. முதல் வரி 0:40-இல் தொடங்கியதுதான் காரணம். பட்டியல் 0:00-இல் தொடங்க வேண்டும், ஏறுவரிசையில் குறைந்தது மூன்று நேரமாவது இருக்க வேண்டும், ஒவ்வொரு பிரிவும் 10 விநாடிக்குக் குறையக் கூடாது. ஒரு வரி சேர்த்தேன்:

```
0:00 திரை விலகுதல்
0:40 தமிழ்த்தாய் வாழ்த்து
26:20 கும்மி - 4ஆம் வகுப்பு
1:02:05 நாடகம் - 8ஆம் வகுப்பு
```

பிரிவுகள் திரும்ப வந்தன. உடனே ஆச்சிக்கு போன் போட்டேன். பேத்தியைப் பார்த்தார்களாம், மூன்று தடவை.