சட்டத்தரணியின் கட்டணக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்

கொழும்பில் ஒரு வாடகைத் தகராறுக்காக நாங்கள் வாங்கிய கட்டணக் கடிதம் இரண்டே பக்கம். முதல் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும் எண்கள்: மூத்த சட்டத்தரணிக்கு மணிக்கு 20,000 ரூபாய், உதவிச் சட்டத்தரணிக்கு 8,000, ரிட்டெய்னர் என்ற முற்பணம் 150,000. பணம் கரைவது இரண்டாம் பக்கத்தில்.

அங்கே ஒரு வரி: ‘குறைந்தபட்ச அலகு 15 நிமிடம்’. நாலு நிமிடம் போனில் பேசினாலும் கால் மணி நேரம், அதாவது 5,000 ரூபாய். மாதத்தில் இப்படி ஆறு அழைப்பு என்றால் 30,000. அலகு ஆறு நிமிடமாக இருந்திருந்தால் அதே ஆறு அழைப்பும் 12,000 ரூபாயோடு முடிந்திருக்கும். கேட்டால் பலர் ஆறு நிமிடத்துக்கு இறங்கி வருவார்கள். மணிக்கட்டணத்தைக் குறைக்கச் சொல்வதைவிட இது லேசு. இறங்காவிட்டால், கேள்விகளைச் சேர்த்து வைத்து ஒரே அழைப்பில் கேளுங்கள்.

அடுத்தது ரிட்டெய்னர். அதை மொத்தக் கட்டணம் என்று நினைப்பவர்களே அதிகம். எங்கள் கடிதத்தில் இருந்தது, மீதி 50,000க்குக் கீழே போனால் மறுபடி 150,000 வரை நிரப்ப வேண்டும் என்ற நிபந்தனை. முதல் மாதக் கணக்கைப் பாருங்கள். மூத்தவர் 3 மணி நேரம், 60,000. உதவியாளர் 6 மணி நேரம், 48,000. கூட்டினால் 108,000. நிறுவனம் வற் பதிவுள்ளது என்பதால் 18 வீதம், 19,440. மொத்தம் 127,440. மீதி 22,560 தானே, உடனே 127,440 நிரப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. ஆக, முதல் மாதமே கையை விட்டுப் போனது 277,440. ‘மணிக்கட்டணத்தில் வற் சேர்ந்ததா, சேராததா’ என்று முதலிலேயே கேளுங்கள். வழக்கு முடியும்போது மிஞ்சும் தொகை எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ‘திருப்பித் தரப்படாது’ என்று இருந்தால் அது முற்பணமல்ல, நேரடிக் கட்டணம்.

புதுக்கடையில் வழக்குக்குப் போனவர்களுக்குத் தெரியும், காலை முழுக்கக் காத்திருந்து கடைசியில் தவணை மட்டும் கிடைக்கும். அந்தக் காத்திருப்பு மணிக்கணக்கில் வந்தால் தாங்காது. நீதிமன்ற நாளுக்கு மட்டும் நிலையான தொகை போடச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் மாற்றினோம். வாதாடும் கவுன்சலின் கட்டணம் இதற்குள் அடங்குமா என்பதும் இன்னொரு கேள்வி. பெரும்பாலும் அடங்காது, தனிச் செலவாக வரும். எனவே, ‘எங்கள் எழுத்து மூலமான சம்மதமின்றி கவுன்சலை அமர்த்தக் கூடாது’ என்று ஒரு வரி சேர்த்தோம்.

பில் மாதாமாதம் வர வேண்டும், ஒவ்வொரு வேலைக்கும் தேதி, ஆள், நிமிடம், என்ன செய்தார் என்ற விவரத்தோடு. ‘வழக்கு தொடர்பான பணி, 2.5 மணி’ என்று மொட்டையாக வந்தால் பணம் கட்டும் முன்பே விளக்கம் கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் பதில் மெதுவாகத்தான் வரும்.