மழை பெய்த காலைகளில் மட்டும் நின்றுபோன இன்வெர்ட்டர்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு அஸ்பெஸ்டஸ் கூரையில் பன்னிரண்டு சோலார் பேனல்கள் இருக்கின்றன. பொருத்திய மூன்றாவது ஆண்டின் ஒக்டோபர் மாதம், இரவு மழை பெய்த ஒரு காலையில் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் `PV Isolation Low` என்று இருந்தது. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் விளக்கு தானாகவே பச்சையாகிவிட்டது. நானும் விட்டுவிட்டேன். அப்படி விட்டது பெரிய தவறு. அடுத்த மூன்று வாரங்களும் மழைக்கு மறுநாள் இதே கதைதான். மாத முடிவில் மின்சார சபைக்குப் போன அலகுகள் குறைந்திருந்ததைக் கண்ட பிறகே ஆள் தேடினேன்.

வந்த தம்பி முதலில் கேட்டது, "அக்கா, காய்ந்த நாளில் இது வருகிறதா?" என்றுதான். இல்லை என்றேன். "அப்படியென்றால் எங்கேயோ வயரின் தோல் போயிருக்கிறது. ஈரம் படும்போது மின்சாரம் பேனலைத் தாங்கும் சட்டத்துக்குக் கசிகிறது. காய்ந்தால் கசிவு நின்றுவிடும்" என்று விளக்கினார். ஒவ்வொரு காலையும் வேலையைத் தொடங்குமுன் இன்வெர்ட்டர் இந்தக் கசிவைச் சோதிக்கும். கசிவு இருந்தால் இயங்க மறுக்கும். பழுதானது இன்வெர்ட்டர் அல்ல. அது தன் கடமையைச் செய்திருக்கிறது.

பன்னிரண்டு பேனலில் எதன் அடியில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்காகவே அவர் மழைக்கு அடுத்த காலையில் மறுபடி வந்தார். காய்ந்த பிறகு வந்தால் கசிவு பிடிபடாது. இன்வெர்ட்டரை நிறுத்தி, நேர்மின் சுவிட்சையும் அணைத்து, காப்புக் கையுறை போட்டுக்கொண்டு மீட்டரை வைத்தார். முழு வரிசையின் அழுத்தம் 480 வோல்ட். பேனல் ஒன்றுக்கு ஏறத்தாழ 40. பிளஸ் முனைக்கும் நிலத்துக்கும் இடையில் 200 வோல்ட் காட்டியது; மைனஸ் முனைக்கும் நிலத்துக்கும் இடையில் 280. அந்த 200, பிளஸ் முனையிலிருந்து கசியும் இடம்வரை உள்ள பேனல்களின் அழுத்தம். இருநூறை நாற்பதால் வகுத்தால் ஐந்து. பிளஸ் பக்கத்திலிருந்து எண்ணினால் ஐந்தாவது பேனலுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் கோளாறு. பேனல்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தேவையில்லாமல் இந்தச் சிறிய கணக்கு வேலையை முடித்தது. ஆனால் இது தொழில் தெரிந்தவர் செய்யவேண்டியது. சுவிட்சை அணைத்தாலும், வெளிச்சம் இருக்கும்வரை பேனல்களுக்கு இடையிலுள்ள வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். மின்னோட்டம் ஓடும்போது இணைப்பைக் கழற்றினால் தீப்பொறி நீளமாக எழும்.

அஸ்பெஸ்டஸ் தகட்டில் நேராக மிதித்தால் உடையும். ஆணி வரிசைக்கு மேலாகப் பலகை போட்டுத்தான் ஏறினார். ஆறாவது பேனலைத் தூக்கியபோது படம் எடுத்து எனக்குக் காட்டினார். வயரைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் கட்டுகள் வெயிலில் உக்கி அறுந்து, வயர் தொங்கிக் கூரைத் தகட்டில் கிடந்தது. இரண்டு இரண்டாகப் பற்கள் பதிந்த தடம். உள்ளே செம்பு தெரிந்தது. அருகில் எலிப் புழுக்கை. எலிக்கும் அணிலுக்கும் முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்த்தாகவேண்டும். எட்டும் இடத்தில் தொங்கும் வயர் அதற்கு வசதியாகிவிடுகிறது.

இது மட்டுமல்ல. ஒன்பதாவது பேனலின் அடியில் தும்பும் பழைய துணி நூலும் உருட்டிய அணில் கூடு ஒன்று. உள்ளே மூன்று குட்டிகள். மேல் வரிசையின் ஓரத்தில் புறாக்களின் சுள்ளிகளும் எச்சமும்.

கடிபட்ட வயருக்கு மேல் டேப் சுற்றக் கூடாது. ஈரம் உள்ளே போகும். அந்தத் துண்டை வெட்டி நீக்கி, வெயில் தாங்கும் புதிய சோலார் வயர் போட்டு, ஏற்கனவே இருந்த அதே தயாரிப்பின் இணைப்பியை முனைகளில் பொருத்தினார். பிறகு எல்லா வயரையும் தூக்கி, துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்புகளால் சட்டத்தோடு பிடித்தார். கூரையிலிருந்து இறங்கும் பகுதியை உலோக வளைகுழாய்க்குள் விட்டார். பிளாஸ்டிக் குழாயை எலி ஓர் இரவில் துளைத்துவிடும். பொருத்திய நிறுவனத்திடம் கேட்டேன். விலங்குகளால் வரும் சேதம் உத்தரவாதத்தில் சேராது என்றார்கள். செலவு முழுவதும் என்னுடையது.

அடுத்தது சுற்றிலும் வலை அடிப்பது. குட்டிகள் உள்ளே இருக்கும்போது அடைக்க என் மனம் ஒப்பவில்லை. அடைத்தாலும் தாய் வெளியில் நின்று எதையாவது கடித்து வழி திறக்கும். உள்ளே செத்தவற்றின் நாற்றமும் புழுவும் வீட்டுக்குத்தான். மூன்று பக்கத்தை அடைத்து, கூட்டுக்கு அருகிலுள்ள பக்கத்தைத் திறந்து வைத்தோம். ஐந்து வாரம் கழித்து அந்த வாயிலில் செய்தித்தாளைத் தளர்வாகச் செருகி வைத்தேன். முதல் நாள் அது கீழே கிடந்தது. அடுத்த வாரம் மறுபடி செருகியபோது மூன்று நாளும் அசையவில்லை. அதன் பிறகே அங்கே கைவைத்தோம். எச்சத்தைக் காய்ந்த நிலையில் பெருக்காமல், தண்ணீரும் கிருமிநாசினியும் தெளித்து நனைத்து, முகக்கவசமும் கையுறையும் போட்டு அள்ளினோம். எலியின் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். இதில் அவசரம் காட்டாதீர்கள்.

வலை விஷயத்தில் நான் ஒருமுறை பணத்தை வீணாக்கினேன். பழைய சோனகத் தெருவில் மலிவாகக் கிடைத்த நாகம் பூசிய ஓர் அங்குலக் கண் வலையை வாங்கினேன். கடல் எங்களுக்கு நான்கு தெரு தள்ளித்தான். ஒரு வருடம் முடிவதற்குள் வெட்டிய முனைகள் துருவேறி, அந்தக் கறை தகட்டில் வழிந்தது. ஓர் அங்குலக் கண்ணில் இளம் எலிகள் நுழைந்தன. இரண்டாவது முறை அரை அங்குலக் கண்ணுள்ள, துருப்பிடிக்காத எஃகு வலை. அதை ஒன்பது அங்குல அகலத்தில் வெட்டி, பேனல் சட்டத்தின் உள்விளிம்பில் கொளுவும் நைலோன் கிளிப்புகளால் பிடித்தோம். சட்டத்தில் துளையிட்டால் உத்தரவாதம் போய்விடும். சட்டம் அலுமினியம்; உப்புக் காற்றில் எஃகு வலை அதில் நேராக உரசினால் அலுமினியம் அரிக்கும்.

பலர் தவறவிடும் இடம் கீழ் ஓரம். அஸ்பெஸ்டஸ் தகட்டின் அலைகளுக்கு மேல் வலையை நேராக வைத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு வாசல் இருக்கும். வலையின் கீழ்ப்பகுதியை அலைக்கேற்ப வெட்டி வளைத்து, மூன்று அங்குலத்தை வெளிப்பக்கமாக மடித்துத் தகட்டோடு படுக்க வைக்கவேண்டும். தகட்டைத் துளையிடவோ அரியவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. வலைக்குப் பதிலாகத் தகரத்தால் மூடலாமே என்று மேசன் ஒருவர் சொன்னார். மறுத்துவிட்டேன். அடியில் காற்று ஓடாவிட்டால் பேனல் சூடாகும். சூடு கூடக் கூட உற்பத்தி குறையும்.

வலை புறாக் கூட்டைத் தடுத்தது. மேல் விளிம்பில் வந்து உட்காருவதைத் தடுக்கவில்லை. அதற்கு விளிம்புக்கு நான்கு அங்குலம் மேலே தங்கூசி நூலை இறுக்கிக் கட்டினேன். கால் வைக்க இடம் உறுதியாக இல்லாததால் பெரும்பாலானவை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குப் போய்விட்டன. சத்தமெழுப்பும் கருவி வாங்கச் சொன்னவர்களும் உண்டு. உறவினர் வீட்டில் அதைப் பொருத்திய இரண்டாவது வாரமே எலிகள் அதற்குப் பழகிவிட்டன. எலி மருந்து என் கூரைக்கு வராது. மருந்து தின்ற எலி பேனலுக்கு அடியிலேயே சாகலாம். வெளியில் செத்தால் அதைக் காகமும் பூனையும் தின்னும்.

மாமரக் கிளை கூரையிலிருந்து ஆறு அடி விலகியிருக்கும்படி வெட்டினோம். அது வேகமாக வளர்கிறது; ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெட்டவேண்டியிருக்கிறது. வெட்டும் நாளில் ஏணியில் நின்று வலையின் ஓரங்களையும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். சென்ற மாதம் தென்மேற்கு மூலையில் ஒரு கிளிப் கழன்றிருந்தது. பக்கத்தில் தும்பு நார் சேரத் தொடங்கியிருந்தது, அன்றே மாட்டிவிட்டேன்.