வரன் படத்தில் முகம் மாற்றியிருக்கிறார்களா? இரண்டு மாலை தேடிப் பார்த்தது

போன வாரம் உறவுக்கார அக்கா ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். தரகர் மூலம் மகளுக்கு வந்த வரன். சாம்பல் நிறக் கோட்டு, கண்ணாடி, பின்னால் டிராம் ஓடும் ஏதோ வெளிநாட்டுத் தெரு. "பையன் நல்லாத்தான் இருக்கான் தம்பி. ஆனா முகம் மட்டும் ஒட்டவெச்ச மாதிரி இருக்கு, பார்த்துச் சொல்லேன்" என்றார். அவர் கண்ணுக்குப் பட்டது சரிதான். ஆனால் அதை உறுதிசெய்வதற்குள் இரண்டு மாலை போய்விட்டது. முதல் மாலை முழுக்க வீண். அது எப்படி வீணானது என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிறைய பேர் அந்த இடத்திலேயே "படம் அசல்தான்" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

வந்தது ஸ்க்ரீன்ஷாட். மேலே மணியும் பேட்டரியும், கீழே பொத்தான்கள், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. இதே படம் இணையத்தில் வேறெங்காவது இருக்கிறதா என்று பார்க்கும் படத் தேடலில் அதை அப்படியே போட்டால் அந்தப் பட்டைகளும் படத்தின் பகுதியாகவே கணக்கில் சேரும், பொருத்தம் கெடும். படத்தின் விளிம்போடு ஒட்ட வெட்டிவிட்டுத்தான் தேடலைத் தொடங்க வேண்டும். கூகுள் லென்ஸில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: படத்தில் எது முக்கியம் என்று அதுவே ஒரு பகுதியைத் தேர்ந்துகொள்ளும். இந்தப் படத்தில் அது கோட்டைப் பிடித்துக்கொண்டதால், வந்ததெல்லாம் கோட்டு விற்கும் கடைகள். தேர்வுச் சட்டத்தின் மூலைகளைப் படத்தின் ஓரம்வரை இழுத்துவிட்டு, சரியான பொருத்தங்களை மட்டும் காட்டும் பகுதிக்குப் போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை. டின்ஐ என்ற இன்னொரு படத் தேடுபொறியிலும் பூஜ்யம்.

"பொருத்தம் இல்லை" என்று வந்தால், அந்தத் தேடுபொறி இந்த வடிவத்தில் இந்தப் படத்தைப் பார்த்ததில்லை என்று மட்டும்தான் பொருள். படத்தை இடவலமாகத் திருப்பியிருந்தாலோ நிறைய வெட்டியிருந்தாலோ பொருத்தம் தவறிப்போகும். முதல் மாலை இது உறைக்கவில்லை.

மறுநாள் துப்பு கிடைத்தது கோட்டில். கோட்டின் மார்புப் பை பெரும்பாலும் அணிபவரின் இடப்பக்கம்தான் இருக்கும். ஆண்கள் கோட்டில் இடப்பக்கத் துணிதான் மேலே வந்து பொத்தான் மாட்டும். இந்தப் படத்தில் இரண்டுமே தலைகீழ். டிராமின் நெற்றியில் இருந்த எழுத்தும், மங்கலாக இருந்தாலும், உற்றுப் பார்த்தால் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டிருந்தது. யாரோ படத்தைத் திருப்பியிருக்கிறார்கள். செல்ஃபி என்றால் முன்பக்கக் கேமராவே சில போன்களில் திருப்பிவிடும், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. இது எதிரே இன்னொருவர் நின்று எடுத்த முழுநீளப் படம். அதைத் திருப்புவதற்குத் தேடலுக்குச் சிக்காமல் இருப்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

போனில் இருக்கும் படத் திருத்தியிலேயே திருப்பி நேராக்கினேன். கூடவே, முகத்தின் மேல் ஒரு சாம்பல் கட்டம் வரைந்து மறைத்தேன். முகமாற்றுக் கருவிகள் பெரும்பாலும் புருவத்துக்குச் சற்று மேலிருந்து தாடைவரைதான் மாற்றும். தலைமுடி, காது, கழுத்து, கோட்டு, தெரு எல்லாம் பழைய ஆளுடையவை. ஆகவே முகத்தை மறைத்துவிட்டு மீதியைத் தேடினால் அசல் படம் வரும் வாய்ப்பு அதிகம். வந்தது. படம் விற்கும் தளம் ஒன்றில் அதே கோட்டு, அதே தெரு, அதே டிராம், வேறொரு மனிதர்.

பிறகு முகத்தை மறைக்காமல், திருப்பி நேராக்கிய படத்தை மட்டும் டின்ஐயில் போட்டேன். அதே பொருத்தம் அங்கும் கிடைத்தது. பொருத்தத்தின் பக்கத்தில் இருக்கும் Compare என்பதைத் தட்டினால் நம் படமும் கிடைத்த படமும் ஒன்றன்மேல் ஒன்றாக மாறி மாறித் தெரியும். கோட்டின் முழங்கை மடிப்பு அசையவில்லை. தோளில் விழுந்த நிழல் அசையவில்லை. பின்னால் நடந்துபோகும் பெண் அசையவில்லை. முகம் மட்டும் ஒரு ஆள், இன்னொரு ஆள், ஒரு ஆள், இன்னொரு ஆள். இதற்கு மேல் அக்காவிடம் வாயால் விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"தளத்தில் இருக்கும் படம்தான் போலியோ என்னவோ" என்று ஒரு கேள்வி வரும், அதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும். தேதியை வைத்து மட்டும் வாதாடாதீர்கள். டின்ஐ காட்டும் தேதி அது முதன்முதலில் அந்தப் படத்தைக் கண்ட நாள், படம் எடுத்த நாள் அல்ல. அதைவிட வலுவான ஆதாரம் படத்தின் அகலம். தளத்தில் இருந்த படத்தில் அவர் வலது கையில் ஒரு காபிக் கோப்பை, பக்கத்தில் இன்னொரு கடை வாசல் எல்லாம் இருந்தன. வரன் படத்தில் அவை இல்லை. பெரிய படத்திலிருந்து சின்னதை வெட்டலாம், சின்னதிலிருந்து இல்லாத கடை வாசலை வெட்டியெடுக்க முடியாது.

அசல் கிடைக்காமல் போயிருந்தால் கண்ணை மட்டும்தான் நம்பியிருக்க வேண்டும். எனவே படத்தைப் பெரிதாக்கி முகத்தையும் பார்த்தேன். காதிலிருந்து வரும் கண்ணாடிக் கம்பி கன்னத்தை நெருங்கும் இடத்தில் மெலிந்து, தோலுக்குள் கரைந்தது. மாற்றிய பகுதியின் எல்லை அங்கேதான் ஓடுகிறது. தாடி தாடை விளிம்பில் சட்டென நின்றது, கழுத்தில் ஒரு முடிகூட இல்லை. கோட்டின் நெசவு இழை இழையாகத் தெரிய, கன்னத்தில் மட்டும் துளையே இல்லாத மழமழப்பு. சில பிரபலமான முகமாற்று மாடல்கள் முகத்தை 128 பிக்சல் சதுரத்தில்தான் உருவாக்குகின்றன. அதை இழுத்துப் பெரிதாக்கி ஒட்டும்போது முகம் மங்கும், அல்லது கூர்மையாக்கும் கருவி பட்டு மெழுகு பூசியதுபோல் ஆகும். பெண்கள் படமாக இருந்தால் மூக்குத்தியையும் பொட்டையும் பாருங்கள், அவை பாதி கரைந்தோ காணாமலோ போயிருக்கலாம்.

மழமழப்பை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லிவிடாதீர்கள். நம் ஊர் ஸ்டுடியோக்களில் ஜாதகத்தோடு கொடுக்கும் படத்துக்கு முகத்தை வெளுத்து வழித்துத்தான் தருவார்கள். அப்படித் திருத்திய படத்தில் மங்கல் முகம் முழுக்கச் சீராக இருக்கும், கண்ணாடிக் கம்பி உடையாது, காதும் கழுத்தும் முகத்தோடு சேர்ந்தே வெளுக்கும். கோப்பின் அளவைக் குறைக்கப் படத்தை அழுத்தும்போது பதியும் தடயத்தை வண்ணத்தில் காட்டும் தளங்களிலும் நேரத்தை விடாதீர்கள். வாட்ஸ்அப்பும் படத்தை மறுபடி அழுத்தி அனுப்புவதால், அங்கே பளிச்சென்று தெரியும் இடம் பெரும்பாலும் வெறும் கண்ணாடி விளிம்பும் சட்டைக் காலருமாகவே இருக்கும்.

முகத்தை மட்டும் வெட்டி யாண்டெக்ஸ் தேடுபொறியில் தேடியதில் வரிசையாகச் சாயலுள்ள முகங்கள் வந்தன. அவற்றில் ஒருவரையும் "இவன்தான்" என்று சொல்ல ஆதாரமில்லை, சொல்லவும் கூடாது. நமக்குத் தெரிந்தது ஒன்றே: உடல் அந்தப் பையனுடையது இல்லை. முகம் அவனுடையதா என்பதை இந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, புதிதாக எடுத்த படம் ஒன்றோடு ஒப்பிட வேண்டும். பக்கவாட்டில் காது தெரியும்படி, கண்ணாடி இல்லாமல், இன்று எடுத்த படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லித் தரகரிடம் அக்காவைக் கேட்கச் சொன்னேன். டாக்குமென்டாக வந்தால் அழுத்தாமல் அப்படியே வரும். நாலு நாள் ஆகிறது. தரகர் வேறொரு ஜாதகம் அனுப்பியிருக்கிறார்.