ஸ்கேன் நார்மல், வலி மட்டும் நிற்கவில்லை

பீரியட்ஸ் என்றால் வலி இருக்கத்தான் செய்யும் என்பார்கள். எனக்கு இருந்தது அந்த வலி இல்லை. உதிரம் படுவதற்கு ஓரிரு நாள் முன்பே அடிவயிறு பிடித்து இழுக்க ஆரம்பிக்கும். முதல் நாள் வாந்தியும் சேர்ந்துகொள்ளும், எழுந்து நிற்கவே முடியாது. மாதாமாதம் வேலைக்கு விடுப்பு. ஆரம்பத்தில் மெஃபெனமிக் அமில மாத்திரைக்கு அடங்கிய வலி, போகப்போக அதற்கும் அடங்கவில்லை. வயிற்றின் மேல் கருவியை வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். நார்மல் என்று வந்தது. மன அழுத்தமாக இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து பார்த்த பெண்கள் நல மருத்துவர் அந்த அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். மலம் கழிக்கும்போது வலிக்கிறதா? அது அந்த நாட்களில் மட்டுமா? உடலுறவின்போது உள்ளே ஆழத்தில் வலி உண்டா? இவற்றையெல்லாம் அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. குடல் கோளாறு என்று நான் தனியாக நினைத்துக்கொண்டிருந்த ஆசனவாய் வலியும் மாதவிடாய் நாட்களில்தான் வருகிறது என்பது, அவர் சொன்னபடி தினமும் வலியைக் குறித்துவைத்த பிறகே தெரிந்தது. எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம் என்று சந்தேகம் எழுந்தது அந்தக் குறிப்பிலிருந்துதான்.

கர்ப்பப்பையின் உள்வரியைப் போன்ற திசு வெளியே, சினைப்பையிலோ கர்ப்பப்பைக்குப் பின்பக்கமோ குடல்மீதோ வளர்வதுதான் இந்த நோய். மெல்லிசாகப் படிந்திருந்தால் எந்த ஸ்கேனிலும் தெரியாமல் போகலாம். அதனால் ஸ்கேன் நார்மல் என்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரத்தத்தில் ஒரு புரதத்தின் அளவைப் பார்க்கும் சிஏ-125 பரிசோதனை எடுக்கலாமா என்று கேட்டேன். அளவு சரியாக இருந்தாலும் நோய் இருக்கலாம், வேறு காரணங்களாலும் அது கூடும், வேண்டாம் என்றார்.

அப்புறம் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுத்தார்கள். கருவியை மெதுவாக அழுத்தி, கர்ப்பப்பையின் பின்புறமும் குடலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கிறதா என்று பார்த்தார்கள். எனக்கு ஓரிடத்தில் நகரவில்லை, ஒட்டியிருந்தது. அதே இடத்தில் அழுத்தியதும் என் பழைய வலி அப்படியே வந்தது. இந்த நோயில் சினைப்பைக்குள் பழைய ரத்தம் தேங்கி உண்டாகும் சாக்லேட் கட்டி எதுவும் இல்லை. ஆனாலும் சந்தேகம் வலுத்தது.

முன்பெல்லாம் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டு கேமராவை விட்டு உள்ளே பார்த்தால்தான் உறுதி என்பார்கள். இப்போது சந்தேகம் வலுவாக இருந்தாலே ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். எனக்கு உடனே குழந்தைத் திட்டம் இல்லாததால் தினமும் டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை 2 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார். முதல் சில மாதங்கள் அவ்வப்போது உதிரக்கசிவு இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னார், இருந்தது. வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் மாத்திரைக்கு வலி குறைவதாலேயே நோய் உறுதி என்று ஆகிவிடாது. வேறு காரணத்தால் வரும் மாதவிடாய் வலியும் இதற்கு அடங்கும். வலி திரும்பினால் எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி என்று பேசி வைத்திருக்கிறோம்.