டிமாண்ட் ஏறி இறங்கும்போது பிரேக்-ஈவன்: காஸ்டிங் தேர்வில் இந்தக் கணக்கை அணுகும் முறை

பிரேக்-ஈவன் கணக்கு காமர்ஸ் படித்த எல்லோருக்கும் தெரியும். நிலையான செலவை ஒரு யூனிட்டின் காண்ட்ரிபியூஷனால் வகுத்தால் முடிந்தது. அதே கேள்வியில் "டிமாண்ட் இயல்நிலைப் பரவலில் உள்ளது, சராசரி இவ்வளவு, திட்ட விலக்கம் இவ்வளவு, நட்டம் வராமலிருக்க நிகழ்தகவு என்ன?" என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால், பலர் அதைச் சாய்ஸில் விட்டுவிடுகிறார்கள். சி.எம்.ஏ. தேர்வுக்குப் படித்த காலத்தில் இந்த வகைக் கேள்விகளை நான் தேடித் தேடிப் போட்டுப் பார்த்தேன். பிறகு ஜூனியர்களின் மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்திக் கொடுத்தபோது ஒன்று தெளிவானது. Z சூத்திரத்தில் யாரும் அதிகம் தடுமாறுவதில்லை. கையிலிருக்கும் திட்ட விலக்கம் எதனுடையது என்று கேட்காமல் போடுவதில்தான் மார்க் போகிறது. அந்த ஒரு விஷயத்தை ஒரே உதாரணத்தை வைத்து இங்கே விளக்குகிறேன்.

ஒரு சிறிய மாத இதழை எடுத்துக்கொள்வோம். ஏஜென்டுகளிடமிருந்து ஒரு பிரதிக்குக் கைக்கு வருவது 25 ரூபாய். காகிதம், அச்சு, பைண்டிங், பார்சல் எல்லாம் சேர்ந்து ஒரு பிரதிக்கு 16 ரூபாய். அலுவலக வாடகை, சம்பளம், லேஅவுட் செலவு என்று மாதம் 1,80,000 ரூபாய், எத்தனை பிரதி விற்றாலும் மாறாது. மாத டிமாண்டின் சராசரி 23,000 பிரதிகள், திட்ட விலக்கம் 4,000.

காண்ட்ரிபியூஷன் 9 ரூபாய். எனவே பிரேக்-ஈவன் 20,000 பிரதிகள். சராசரியிலிருந்து இந்தப் புள்ளி எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்பதுதான் Z:

```
Z = (20000 - 23000) / 4000 = -0.75
P(டிமாண்ட் >= 20000) = P(Z >= -0.75) = 0.7734
```

நட்டம் வராமலிருக்க வாய்ப்பு சுமார் 77 சதவீதம், நட்டத்துக்கு 23 சதவீதம்.

இதில் அட்டவணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பள்ளியில் 0-விலிருந்து Z வரையுள்ள பரப்பைத் தரும் அட்டவணையில் பழகியவர்களுக்கு 0.75-க்கு நேரே 0.2734 என்று இருக்கும். அதோடு 0.5 கூட்ட வேண்டும். இடது கோடியிலிருந்து கூட்டிவரும் அட்டவணையில் நேரடியாகவே 0.7734 இருக்கும். வால்பகுதியை மட்டும் தரும் அட்டவணையில் 0.2266 இருக்கும், அதை 1-இலிருந்து கழிக்க வேண்டும். தேர்வில் எது தரப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க Z = 0 என்ற வரிசையைப் பாருங்கள். அங்கே 0 இருந்தால் முதல் வகை. 0.5 இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று, Z ஏறும்போது எண்ணும் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது மீதியைச் சொல்லிவிடும். விடை எழுதும் முன் மணி வடிவக் கோட்டைச் சின்னதாக வரைந்து பிரேக்-ஈவனைக் குறித்துக்கொள்வதை நான் ஒருபோதும் விட்டதில்லை. பிரேக்-ஈவன் சராசரிக்கு இடப்பக்கம் இருந்தால் விடை 50 சதவீதத்துக்கு மேல் வந்தே ஆக வேண்டும். 0.2266 என்று எழுதி நிற்பவர்களைக் காப்பாற்றுவது இந்தப் படம்தான். வீட்டில் சரிபார்க்க எக்ஸெல் போதும்:

```
=1-NORM.DIST(20000,23000,4000,TRUE)
```

இனி விஷயத்துக்கு வருவோம். இதே கணக்கை லாபத்தின் வழியாகவும் போடலாம். எதிர்பார்க்கும் லாபம் 3,000 × 9 = 27,000 ரூபாய். லாபத்தின் திட்ட விலக்கம் 4,000 × 9 = 36,000 ரூபாய். லாபம் பூஜ்யத்துக்குக் கீழே போகாமலிருக்க வேண்டும் என்றால் Z = (0 - 27,000) / 36,000, அதே -0.75. இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வருகின்றன. ஆனால் மேலே பிரதியும் கீழே ரூபாயுமாகக் கலந்துவிடக் கூடாது. 27,000-ஐ 4,000-ஆல் வகுத்து Z = 6.75 என்று எழுதிய தாள்களைப் பார்த்திருக்கிறேன். Z மூன்றைத் தாண்டினாலே யூனிட் கலந்துவிட்டதோ என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

லாப வழி தெரிந்திருப்பது ஏன் முக்கியம் என்றால், கேள்வியில் நிலையான செலவும் ஏறி இறங்கலாம். அதன் சராசரி 1,80,000, திட்ட விலக்கம் 15,000, டிமாண்டோடு அதற்குத் தொடர்பில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பிரேக்-ஈவன் என்ற ஒற்றைப் புள்ளியே இல்லை, அதனால் பிரதி வழி அடைபட்டுவிடும். லாப வழியில் திட்ட விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 36,000-உம் 15,000-உம் சேர்ந்து 39,000 ஆகும். Z-இன் அளவு 27,000 / 39,000 = 0.69, வாய்ப்பு 0.7549. 36,000 + 15,000 = 51,000 என்று நேராகக் கூட்டுவது இங்கே தவறு.

சில கேள்விகள் திட்ட விலக்கத்தை நேராகத் தராது. "விற்பனை 20,300-க்கும் 25,700-க்கும் இடையே இருக்க 50 சதவீத வாய்ப்பு" என்று மட்டும் சொல்லும். நடுப்புள்ளி 23,000 சராசரி, இருபுறமும் 2,700. இந்த 2,700 திட்ட விலக்கம் அல்ல. இயல்நிலைப் பரவலில் நடுவிலுள்ள பாதிப் பரப்பு ±0.6745 திட்ட விலக்கத்துக்குள் அடங்கும். 2,700-ஐ 0.6745-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4,000 வரும். கேள்வி ஒரு வாய்ப்பைச் சொல்லி இடைவெளியைத் தந்தால், அந்த வாய்ப்புக்குரிய Z-ஐ அட்டவணையில் பின்னோக்கித் தேடுவதுதான் முதல் வேலை.

இதுவரை ஒரு மாதம். கேள்வியின் கடைசிப் பகுதி "ஆண்டு முழுவதற்கும் நட்டம் வராமலிருக்க வாய்ப்பு என்ன?" என்று கேட்டால் என்ன செய்வது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனென்றால் அனுமானம் எவ்வளவு வேலை செய்கிறது என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. ஆண்டு பிரேக்-ஈவன் 2,40,000 பிரதிகள், ஆண்டு சராசரி 2,76,000. மாதங்கள் ஒன்றையொன்று பாதிக்காதவை என்றால் வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும், அதனால் ஆண்டின் திட்ட விலக்கம் 4,000 × √12 = 13,856. Z-இன் அளவு 36,000 / 13,856 = 2.60, வாய்ப்பு 0.9953. மாதத்துக்கு 77 சதவீதமாக இருந்தது ஆண்டுக்கு 99.5 சதவீதம் ஆகிவிட்டது. ஒரு மாதம் குறைந்ததை இன்னொரு மாதம் ஈடுகட்டுகிறது.

இந்த எண்ணைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. இதழுக்குப் போட்டியாக இன்னொன்று வந்து வாசகர்கள் நகர்ந்துவிட்டால், ஒரு மாதம் குறைந்த விற்பனை அடுத்த மாதமும் குறைந்தேதான் இருக்கும். மாதங்கள் முழுக்க ஒன்றாகவே ஏறி இறங்கினால் ஆண்டின் திட்ட விலக்கம் 4,000 × 12 = 48,000. Z மறுபடியும் 0.75, வாய்ப்பு மறுபடியும் 0.7734. உண்மையான இதழ் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். பழைய மாதாந்திர விற்பனை எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: சராசரிக்குக் கீழான மாதங்கள் கும்பல் கும்பலாக வந்தால் √12 போடுவது ஆபத்து. தேர்வில் "மாத விற்பனைகள் ஒன்றையொன்று சாராதவை" என்று கேள்வியில் இல்லாவிட்டால், அந்த அனுமானத்தை விடையின் முதல் வரியிலேயே எழுதிவிட்டு √12 போடுங்கள்.

ராபர்ட் ஜெய்டிக்கி, அலெக்சாண்டர் ரோபிசெக் இருவரும் 1964-இல் 'தி அக்கவுண்டிங் ரிவ்யூ' இதழில் எழுதிய கட்டுரையில் இந்த முறையை விரித்தபோது, முதலில் விற்பனை அளவு மட்டும் நிச்சயமில்லை என்று வைத்து, பிறகே விலையையும் செலவுகளையும் அசையவிட்டார்கள். படிக்கும்போதும் அந்த வரிசை வசதியாக இருக்கிறது. விலையும் அளவும் சேர்ந்து அசைந்தால் இரண்டையும் பெருக்கி வருவது இயல்நிலைப் பரவலாக இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அப்போது Z அட்டவணை தருவது தோராய விடைதான்.

மேலே போட்ட எல்லாக் கணக்குகளுக்கும் அடியில் சொல்லப்படாத ஒன்று இருக்கிறது: விற்ற பிரதிக்கு மட்டுமே 16 ரூபாய் செலவாகிறது. ஆர்டர் வந்தபின் அச்சடித்தால் அது சரி. மாத இதழை முன்கூட்டியே அச்சடிக்க வேண்டும், மிஞ்சிய பிரதி அடுத்த மாதம் விலைபோகாது. 23,000 பிரதிகள் அடித்துவிட்டால் 16 × 23,000 = 3,68,000 ரூபாயும் நிலையான செலவோடு சேர்ந்துகொள்கிறது. மொத்தம் 5,48,000. இப்போது ஒரு பிரதி விற்றால் கிடைக்கும் 25 ரூபாய் முழுவதும் அந்தக் கடனை அடைக்கப் போகும், அதனால் 9-ஆல் வகுக்கக் கூடாது, 25-ஆல் வகுக்க வேண்டும். தேவையான விற்பனை 21,920 பிரதிகள். Z = -0.27, வாய்ப்பு 0.6064-க்கு இறங்கிவிட்டது. நம்பிக்கையோடு 26,000 அடித்தால் 23,840 பிரதிகள் விற்றாக வேண்டும். அது சராசரியைத் தாண்டிவிட்டது, வாய்ப்பு 0.4168 மட்டுமே. டிமாண்டின் பரவல் துளியும் மாறவில்லை, செலவு எப்போது உறுதியாகிறது என்பதுதான் மாறியது. கேள்வியில் "முன்கூட்டியே உற்பத்தி", "விற்காதவை கழிவு" போன்ற சொற்கள் தென்பட்டால் உடனே இந்த வழிக்கு மாறுங்கள்.

இதே வழியில் 20,000 மட்டும் அடித்துப் பாருங்கள். தேவையான விற்பனையும் 20,000, வாய்ப்பு மீண்டும் 0.7734, இந்த இதழுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சம் அதுதான். ஆனால் அடித்ததெல்லாம் விற்றுத் தீர்ந்தாலும் லாபம் சரியாகப் பூஜ்யம். நட்டம் வராத வாய்ப்பை மட்டும் வைத்து எத்தனை அடிப்பது என்று முடிவு செய்யச் சொல்லும் கேள்விக்கு, எதிர்பார்க்கும் லாபத்தையும் பக்கத்தில் எழுதிக் காட்டாமல் விடையை முடிக்க முடியாது.